'பெறாவிட்டாலொழிய': சட்டத் தமிழில் பொருள் தலைகீழாகும் இடங்கள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்க விதிகளைத் தமிழாக்கி, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு விதி இப்படி இருந்தது: "செயற்குழுவின் எழுத்துமூல அனுமதியைப் பெறாவிட்டாலொழிய எந்த உறுப்பினரும் தம் வீட்டின் வெளிச்சுவரில் மாற்றம் செய்யக் கூடாது." எனக்கு முன்னால் இரண்டு பேர் அதைப் படித்துச் சரியென்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் முதல் முறை தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறை உரக்கப் படித்தபோதுதான் நாக்கு இடறியது.

'பெற்றாலொழியச் செய்யக் கூடாது' என்றால், பெற்றவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தடை. 'பெறாவிட்டாலொழியச் செய்யக் கூடாது' என்றால், பெறாதவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தடை. அதாவது அனுமதி வாங்கியவர் சுவரைத் தொடக் கூடாது, வாங்காதவருக்குத் தடையே இல்லை. விதி எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. அப்படியும் அது மூவர் கண்ணுக்குத் தப்பியது. விதி என்ன சொல்ல வருகிறது என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால், எழுதியிருப்பதை விட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டியதைப் படித்துவிடுகிறோம்.

சொல்லுக்குச் சரியான தமிழ் கிடைக்காததால் வரும் பிழை இல்லை இது. எல்லாச் சொல்லும் நல்ல தமிழ்தான். தர்க்கம் மட்டும் திரும்பிவிட்டது. சட்டம், ஒப்பந்தம், சங்க விதி, சுற்றறிக்கை எதுவானாலும் இப்படித் திரும்புவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: வரையறைகளில் ஒன்று, விலக்கோடு வரும் எதிர்மறையில் மற்றொன்று.

வரையறையிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலச் சட்டத்தில் ஒரு சொல்லுக்கு வரையறை தரும்போது 'மீன்ஸ்' என்று எழுதினால் கதவு சாத்தியாயிற்று. சொன்னது மட்டுமே உள்ளே, சொல்லாதது வெளியே. 'இன்க்லூட்ஸ்' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு வழக்கில் இருக்கும் பொருள் அப்படியே நிற்கும், அதன்மேல் இவையும் சேரும். நியூசிலாந்திலிருந்து வந்த டில்வர்த் வழக்கில், அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன விளக்கம் இது. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் அதையே எடுத்தாள்கின்றன. சில இடங்களில் சூழலைப் பொறுத்து 'இன்க்லூட்ஸ்' என்பதற்கும் மூடிய பொருள் கொள்ளலாம் என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீதிபதி, மொழிபெயர்ப்பாளர் அல்ல.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதன் 3(42)-ஆம் பிரிவு, 'பெர்சன்' என்ற சொல்லில் எந்தக் கம்பெனியும், சங்கமும், தனிமனிதர்கள் சேர்ந்த குழுவும், அது பதிவு பெற்றிருந்தாலும் பெறாவிட்டாலும், அடங்கும் என்கிறது. இதைப் பழக்கதோஷத்தில் இப்படி எழுதுபவர்கள் உண்டு: "'நபர்' என்பது கம்பெனி, சங்கம் அல்லது தனிமனிதர்களின் குழு ஆகும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நபர் என்ற வரையறையிலிருந்து மனிதர் காணாமல் போய்விட்டார்! மூலத்தில் மனிதரைச் சொல்லவே தேவையில்லை, ஏனென்றால் 'நபர்' என்றால் மனிதர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிந்த பொருளை 'அடங்கும்' காப்பாற்றும், 'ஆகும்' அழித்துவிடும்.

சரியான வடிவம்: "'நபர்' என்பதில், பதிவு பெற்றதாயினும் பெறாததாயினும், எந்தக் கம்பெனியும் சங்கமும் தனிமனிதர் குழுவும் அடங்கும்." மாற்றம் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. 'என்பது' என்று தொடங்கினால் வாக்கியம் 'என்று பொருள்', 'ஆகும்', 'குறிக்கும்' என்று முடியத் துடிக்கும். 'என்பதில்' என்று தொடங்கினால் 'அடங்கும்' என்றுதான் முடிய முடியும். ஆகவே மூலத்தில் 'இன்க்லூட்ஸ்' என்று பார்த்த உடனே பேனா 'என்பதில்' என்று எழுதிவிட வேண்டும். நடுவில் பத்து வரிப் பட்டியல் வந்தாலும் அந்த 'இல்' உருபு முடிவுவரை கையைப் பிடித்து அழைத்துப் போகும். தமிழில் வினை கடைசியில் வருவதால், பட்டியலை முடிக்கும்போது தொடங்கியது மறந்துபோவது இயல்பு. நான் பார்த்த 'ஆகும்' பிழைகளில் பெரும்பாலானவை நீண்ட பட்டியல்களில்தான் இருந்தன.

பட்டியலை முடிக்கும் சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. 'ஆகிய' என்பது எண்ணி முடித்துவிட்டேன் என்று சொல்லும் சொல். 'சேர சோழ பாண்டியர் ஆகிய மூவேந்தர்' என்றால் நான்காமவர் இல்லை. 'முதலிய' என்றால் இன்னும் இருக்கிறது. மூலத்தில் 'மீன்ஸ்' என்று மூடிய பட்டியல் இருக்க, ஓசைக்காக 'முதலியன' என்று முடித்தால் சாத்திய கதவு திறந்துவிடும். 'இன்க்லூட்ஸ்' என்ற இடத்தில் 'ஆகியவை' என்று எழுதி, வினையாக 'அடங்கும்' போட்டாலும், படிப்பவருக்கு இத்தனைதான் போலிருக்கிறது என்ற தோற்றம் வந்துவிடும். அங்கே வெறும் உம்மை போதும்.

இனி இரண்டும் சேர்ந்து வரும் 'மீன்ஸ் அண்ட் இன்க்லூட்ஸ்'. தமிழ்நாட்டிலேயே இதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் கீழ் வந்த விதிகளில், கல்லூரி என்ற சொல்லுக்கு 'மீன்ஸ் அண்ட் இன்க்லூட்ஸ்' என்று எழுதி, கலை அறிவியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி, கீழ்த்திசைக் கல்லூரி, சமூகப்பணிக் கல்வி நிலையம், இசைக் கல்லூரி என்று ஒரு பட்டியல் தந்திருந்தார்கள். பொறியியல் கல்லூரி அதில் இல்லை. அப்படியானால் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு அந்த விதிகள் பொருந்துமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 1995-இல் நீதிமன்றம் சொன்னது: 'மீன்ஸ் அண்ட் இன்க்லூட்ஸ்' என்று சேர்த்து எழுதினால் அது முழுமையான, மூடிய பட்டியல், பொறியியல் கல்லூரி அதற்குள் வராது.

இதைத் தமிழில் "கல்லூரி என்பதில் கலை அறிவியல் கல்லூரி, ... இசைக் கல்லூரி உட்பட அனைத்தும் அடங்கும்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். பொறியியல் கல்லூரி தாராளமாக உள்ளே வந்துவிடும், தீர்ப்புக்கு நேர் எதிரான சட்டம் தமிழில் நிற்கும். ஒன்று போதுமே, எதற்கு இரண்டு வினை என்று வெட்டுவதில்தான் ஆபத்து. வெட்டுகிறவர் பெரும்பாலும் முதலாவதை வெட்டுகிறார். நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன்: "கல்லூரி என்பது இன்ன இன்ன கல்லூரிகளைக் குறிக்கும், உள்ளடக்கும்." கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. மூலமும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் இதே இரண்டு சொல்லும் தனித்தனிப் பட்டியலோடு வந்தால் கதை வேறு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 'பொது அதிகார அமைப்பு' என்பதற்கு முதலில் 'மீன்ஸ்' என்று, அரசமைப்பாலோ சட்டத்தாலோ அரசு அறிவிக்கையாலோ நிறுவப்பட்ட அமைப்புகளைச் சொல்கிறது. பிறகு 'இன்க்லூட்ஸ்' என்று, அரசின் நிதியால் கணிசமாக நடக்கும் அமைப்புகளையும், அப்படி நடக்கும் அரசு சாரா அமைப்புகளையும் சேர்க்கிறது. இங்கே இரண்டாவது பட்டியல் முதலாவதற்குள் இருப்பவற்றின் உதாரணம் இல்லை, புதிதாகச் சேர்ப்பவை. தமிழில் இதை ஒரே வாக்கியத்தில் 'உட்பட' போட்டு இழுத்துக் கட்டினால், அரசு நிறுவிய அமைப்பாக இருந்தால்தான் அரசு நிதி பெறும் தொண்டு நிறுவனமும் வரும் என்று பொருள் சுருங்கிவிடும். இரண்டு வாக்கியமாக உடைத்து, இரண்டாவதில் 'உம்' போட வேண்டும்: "... என்று பொருள். அரசு நிதியால் கணிசமாக நடக்கும் அமைப்பும் இதில் அடங்கும்." ஒரே பட்டியலில் இந்த 'உம்' கூடுதலாகத் தொங்கினால் பிழை. தனிப் பட்டியலில் அது இல்லாவிட்டால் பிழை.

'டஸ் நாட் இன்க்லூட்' என்பதில் இன்னொரு பள்ளம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அசையாச் சொத்து என்பதில் வெட்டுவதற்கென நிற்கும் மரமோ, வளர்ந்துவரும் பயிரோ, புல்லோ அடங்காது என்கிறது. இது அசையாச் சொத்து எது என்று சொல்லவில்லை. சந்தேகம் வரக்கூடிய மூன்றை மட்டும் வெளியே எடுத்து வைக்கிறது. இதை "அசையாச் சொத்து என்பது மரம், பயிர், புல் அல்லாத சொத்து" என்று எழுதினால், வாசலில் நிற்கும் மிதிவண்டியும் அசையாச் சொத்து ஆகிவிடும்.

இதே வரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பட்டியலின் கடைசியில் 'ஆர்' இருக்கிறது. அதை 'அல்லது' என்று பெயர்த்து, 'மரம், பயிர் அல்லது புல் அடங்காது' என்றால், மூன்றில் ஏதோ ஒன்று அடங்காது என்றும் ஒருவர் வாதாடலாம். எதிர்மறையின் கீழ் ஆங்கில 'ஆர்' மூன்றையும் சேர்த்தே மறுக்கும். தமிழில் அந்த வேலையைச் செய்வது 'ஓ'வும் 'உம்'மும்: 'மரமோ பயிரோ புல்லோ அடங்காது', அல்லது 'மரமும் பயிரும் புல்லும் அடங்கா'.

உம்மைக்கு அருகே எதிர்மறை வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நம் இலக்கணமே சொல்லியிருக்கிறது. முற்றும்மை சில இடங்களில் எச்சமும் ஆகும் என்பது நன்னூல் சூத்திரம். அதாவது, முழுமையைக் குறிக்கும் 'உம்' சில இடங்களில் மீதி இருப்பதையும் குறிக்கும். 'எல்லாரும் வந்திலர்' என்பது அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு: ஒருவரும் வரவில்லை என்று பொருளில்லை, சிலர் வந்தார்கள் என்று பொருள். இன்று பேச்சில் 'எல்லாரும் வரல' என்றால் இரண்டு பொருளும் வரும். அதனால்தான் 'எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கக் கூடாது' என்ற வரியைச் சட்டத்தில் விடவே கூடாது. ஒருவரும் கூடாது என்றால் 'எந்த உறுப்பினரும் வாக்களிக்கக் கூடாது'. சிலருக்கு மட்டும் உரிமை என்றால் அந்தச் சிலர் யார் என்று சொல்லி எழுத வேண்டும்.

இப்போது முதலில் சொன்ன 'ஒழிய'வுக்கு வருகிறேன். 'அன்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் 'இல்லாவிட்டால்' ஒளிந்திருக்கிறது. அதைத் தமிழில் ஒரே ஒரு முறைதான் கொண்டுவர வேண்டும். அதற்கு நம்மிடம் இரண்டு வழி உண்டு. வினையையே எதிர்மறையாக்கி 'பெறாமல்', 'பெறாவிட்டால்' என்பது ஒன்று. வினையை உடன்பாடாக வைத்து 'பெற்றாலன்றி', 'பெற்றாலொழிய' என்பது மற்றது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று வெட்டி எதிர்ப்பொருள் நிற்கும். 'பெறாவிட்டாலொழிய' அப்படிப் பிறந்ததுதான். ஒருவேளை முதலில் 'பெறாமல்' என்று எழுதி, பிறகு சட்ட நடை வரட்டுமென்று 'ஒழிய' சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எந்த வழி எங்கே என்பதற்கும் ஒரு பழக்கம் உண்டு. 'ஆலொழிய', 'ஆலன்றி' இரண்டும் முடிவில் ஓர் எதிர்மறை வினையைத் தேடும். 'மழை பெய்தாலொழிய பயிர் பிழைக்காது' என்கிறோம். 'மழை பெய்தாலொழிய பயிர் வாடும்' என்று சொன்னால் காதுக்கு ஒட்டாது. அங்கே 'பெய்யாவிட்டால் வாடும்' என்போம். ஆகவே முதன்மை வாக்கியம் உடன்பாடாக இருந்தால் 'ஆவிட்டால்' அல்லது 'ஆதவரை' பொருத்தம். வரையறைப் பிரிவுகளின் தலையில் வழக்கமாக வரும் 'சூழமைவு வேறு பொருளைக் கோரினாலன்றி' என்ற தொடர் பலருக்குப் புரியாமல் போவதற்கு இதுதான் காரணம். அதன் பின்னால் வருவது உடன்பாட்டு வாக்கியம். 'சூழமைவு வேறு பொருளைக் கோராதவரை' என்றால் உடனே புரிகிறது, தர்க்கமும் அதேதான்.

'அன்லெஸ்' பிழையில் இன்னொரு நுட்பமான வகை உண்டு. எதிர்மறையை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், நேராகச் சொல்லிவிடலாமே என்று 'அனுமதி பெற்றவர் மாற்றம் செய்யலாம்' என்று எழுதுவது. வாசிக்க இனிமைதான். ஆனால் இதில் தடை எங்கே போயிற்று? பெறாதவரைப் பற்றி இந்த வரி வாயே திறக்கவில்லை. மேலும் மூலம் தராத ஓர் உரிமையை இது அனுமதி பெற்றவருக்குத் தந்துவிடுகிறது. மூலத்தின்படி அனுமதி பெற்றவருக்கு இந்த விதியால் தடையில்லை, அவ்வளவுதான். மாநகராட்சி விதி போன்ற வேறு தடைகள் அவருக்கும் இருக்கலாம். அரசமைப்பின் 265-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள்: சட்டத்தின் அதிகாரத்தால் அன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. இதை 'சட்டத்தின் அதிகாரம் இருந்தால் வரி விதிக்கலாம்' என்று நேராக்கினால், குடிமகனைக் காக்க வந்த பிரிவு அரசுக்குச் சலுகை தரும் பிரிவாக மாறிவிடும்.

'எக்ஸெப்ட்' என்பதற்குக் கை முதலில் போகும் சொல் 'தவிர'. அதற்கு இரண்டு முகம் உண்டு. 'ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை திறந்திருக்கும்' என்றால் ஞாயிறு வெளியே. 'சம்பளத்தைத் தவிர போனசும் உண்டு' என்றால் சம்பளம் உள்ளேயே இருக்கிறது, மேலும் ஒன்று சேர்கிறது. இப்போது இந்த ஒப்பந்த வரியைப் பாருங்கள்: "பராமரிப்புச் செலவைத் தவிர மற்ற கட்டணங்களையும் வாடகைதாரர் செலுத்த வேண்டும்." பராமரிப்புச் செலவு யார் தலையில்? 'மற்ற கட்டணங்களையும்' என்ற உம்மை வாடகைதாரரிடம் தள்ளுகிறது, 'தவிர' வீட்டுக்காரரிடம் தள்ளுகிறது. விலக்கு என்றால் நான் 'நீங்கலாக' என்று எழுதுவேன், அதற்கு இரண்டாம் முகம் இல்லை. கூடுதல் என்றால் 'உடன் சேர்த்து' அல்லது 'மேலும்'. எதிர்மறை வாக்கியத்தில் 'தவிர' அவ்வளவு தொந்தரவு தராது, உடன்பாட்டில்தான் எச்சரிக்கை வேண்டும்.

கடைசியாக, எதிர்மறையின் வினை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவு, சில வகைத் தகவலைக் குடிமக்களுக்குத் தரும் கடமை இல்லை என்கிறது. இதை 'தரக் கூடாது' என்று பெயர்த்த துண்டறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். 'தர வேண்டியதில்லை' என்பதும் 'தரக் கூடாது' என்பதும் ஒன்றல்ல. அடுத்ததாக வரும் 8(2) பிரிவு, வெளியிடுவதால் வரும் பொதுநலன் அதனால் ஏற்படும் தீங்கைவிட மிகுந்தால் அந்தத் தகவலைத் தரலாம் என்கிறது. 'கூடாது' என்று எழுதியவருக்கு இந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று முட்டும். அப்படி முட்டுவதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த பிரிவு அர்த்தமில்லாமல் போகிறது என்றால், முந்தைய பிரிவின் வினையைத் திரும்பிப் பாருங்கள்.

நலச்சங்க விதிக்கு நான் செய்த சோதனை எளியது. ஒரு தாளில் இரண்டு பேரை எழுதினேன்: அனுமதி வாங்கிய முதல் மாடிக்காரர், வாங்காத மூன்றாம் மாடிக்காரர். இருவரும் சுவரில் ஜன்னல் வைக்கிறார்கள். ஆங்கில விதியைப் படித்து, விதியை மீறியவர் யார் என்று எழுதினேன்: மூன்றாம் மாடி. பிறகு ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, தமிழை மட்டும் சொல் சொல்லாகப் படித்து அதே கேள்விக்குப் பதில் எழுதினேன்: முதல் மாடி. வரையறைக்கும் இதே சோதனைதான், ஆட்களுக்குப் பதிலாகப் பொருள்களை வைக்க வேண்டும்: பட்டியலில் இருப்பது ஒன்று, இல்லாவிட்டாலும் வழக்கில் அந்தச் சொல்லுக்குள் வருவது ஒன்று, இரண்டிலும் சேராதது ஒன்று. நடுவில் இருப்பதற்குக் கிடைக்கும் பதில்தான் 'ஆகும்', 'அடங்கும்' குழப்பத்தைப் பிடித்துத் தரும்.

திருத்திய வரியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன்: "செயற்குழுவின் எழுத்துமூல அனுமதி பெறாமல் எந்த உறுப்பினரும் தம் வீட்டின் வெளிச்சுவரில் மாற்றம் செய்யக் கூடாது." அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார். தாளில் இருந்த இரண்டு மாடிக்காரர்களையும் காட்டினேன். விரலை ஒவ்வொரு சொல்லின்மேலும் வைத்துப் படித்தார். 'ஒழிய'வில் விரல் நின்றது.